வட்டியை ஏற்றினால் விலைவாசி எப்படி இறங்கும்?

மழைக்குருவி: விலை ஏறி ஜனங்கள் திணறும் நேரம் பார்த்து மத்திய வங்கி வட்டியையும் ஏற்றுகிறது. கடன் சுமையும் சேர்ந்துகொண்டால் விலை எப்படிக் குறையும்? புரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாணயச்சுற்று: சிம்பிள். வட்டி கூடினால் எல்லாரும் பணத்தைக் கொண்டுபோய் டெபாசிட்டில் போடுவார்கள். வெளியில் புழங்கும் பணம் குறையும், விலையும் அடங்கும்.

தராசுமுள்: பாதி சரி. டெபாசிட் போடுகிறவர் தன் செலவைத் தள்ளிப்போடுகிறார், அது உண்மை. ஆனால் டெபாசிட்டில் போட்டதால் பணம் மறைந்துவிடாது, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். வங்கி கடன் கொடுக்கும்போது வாங்குபவர் கணக்கில் ஒரு தொகையைப் புதிதாக வரவு வைக்கிறது. புதுப் பணம் பிறப்பது அங்கே. அசல் திரும்பக் கட்டப்படும்போது அது அழிகிறது. ஆகவே பார்க்க வேண்டியது டெபாசிட்டை அல்ல, புதுக் கடன் எந்த வேகத்தில் போகிறது என்பதை.

வீட்டுக் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 வருடக் கடன், வட்டி 7% என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 775. வட்டி 9.5% ஆனால் அதே லட்சத்துக்கு 932. வாங்குபவரின் சம்பளம் அதேதான், அவரால் 775-க்கு மேல் கட்ட முடியாது. அப்படியானால் அவருக்குக் கிடைக்கும் கடன் ஒரு லட்சத்திலிருந்து சுமார் 83,000-க்கு இறங்கிவிடுகிறது. வீட்டுக்கு அவர் கொடுக்கக்கூடிய விலை அங்கேயே குறைகிறது. சிலர் வாங்குவதையே ஒத்திப்போடுவார்கள். பிறகு சிமென்ட், கம்பி, தச்சு வேலை, புது வீட்டுக்கான ஃபிரிட்ஜ் என்று வரிசையாக ஆர்டர் குறையும். விற்கிறவர் அடுத்த முறை விலையை ஏற்றத் தயங்குவார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஏறிய விலை இதனால் பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது. மேலே ஏறும் வேகம்தான் குறையும்.

பட்டறைக்காரர்: இதெல்லாம் ஏட்டுல நல்லா இருக்கு சார். எங்க பட்டறை ஓடுறதே ஓவர்டிராஃப்ட்ல. வட்டி ஏறுனா அது எனக்குச் செலவு. செலவு ஏறுனா பொருள் விலையை ஏத்துவேன், வேற என்ன பண்றது? அப்போ வட்டியே விலையை ஏத்துதே!

தராசுமுள்: உங்கள் வாதம் தப்பில்லை, அளவைப் பார்ப்போம். 100-க்கு விற்கும் பொருளுக்காக 60 கடனில் முடங்கியிருக்கிறது, சரக்கு விற்றுப் பணம் கைக்கு வர 90 நாள் ஆகிறது என்று வையுங்கள். வட்டி 2.5 புள்ளி ஏறினால் கூடுதல் செலவு 60 × 2.5% × 90/365. அதாவது 0.37. பொருள் நாலு கை மாறி, நாலு பேரும் இதே அளவு ஏற்றினாலும் 1.5-ஐத் தொடாது. அதுவும் ஒரே ஒரு தடவை ஏறும் ஏற்றம், வருடா வருடம் தொடர்வதல்ல. வாங்க வருகிறவர் கூட்டம் மெலிந்திருக்கும்போது அந்த 0.37-ஐக்கூட முழுசாக ஏற்ற முடியுமா என்பது வேறு.

விதிவிலக்கு உண்டு. வாடகை வீடு, மின் நிலையம் மாதிரி கடனிலேயே கட்டி எழுப்புகிற தொழிலில் வட்டி பெரிய செலவு. அங்கே உங்கள் வாதத்துக்குக் கனம் அதிகம்.

பட்டறைக்காரர்: 90 நாளா? பெரிய கம்பெனிக்காரன் 150 நாள் இழுக்கிறான். ஆனா கணக்குப் புரியுது. கையில சரக்கைக் குவிச்சு வைக்கிறதைக் குறைச்சிருக்கோம், அது நிஜம்.

மழைக்குருவி: தராசுமுள், தவணை ஏறும் என்றீர்கள். எனக்கு ஏறவே இல்லையே! வங்கி மாதம் கட்டும் தொகையை அப்படியே விட்டுவிட்டு வருடத்தைத்தான் நீட்டியிருக்கிறது. நான் எதற்குச் செலவைக் குறைக்க வேண்டும்?

தராசுமுள்: நான் சொன்னது புதிதாகக் கடன் வாங்குபவரைப் பற்றி. ஆனால் நீங்கள் தொட்டது முக்கியமான ஓட்டை. 7%-ல் ஆரம்பித்த அதே 775 தவணையை ஏற்றாமல், ஆரம்பத்திலேயே வட்டி 8.5% ஆனால் 240 மாதக் கடன் சுமார் 347 மாதம் ஆகிவிடும். 9.5% ஆனால் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 792. நீங்கள் கட்டும் 775 வட்டிக்கே போதாது, அசல் குறைவதற்குப் பதில் வளரும். வங்கி அறிக்கையில் அசல் நிலுவை இறங்குகிறதா என்று பாருங்கள். இப்படி நீட்டும் இடங்களில் பழைய கடன்காரர் வழியாக வரவேண்டிய குளிர்ச்சி வராது, புதுக் கடன் வழியாக மட்டும்தான் வரும்.

எதிர்க்காற்று: இவ்வளவு கணக்குப் போட்டும் அடிப்படைக் கேள்வியைத் தொடவில்லை நீங்கள். வட்டியை ஏற்றினால் எண்ணெய்க் கிணறு கூடுதலாகச் சுரக்குமா? வராத கப்பல் வருமா? அமெரிக்காவைப் பாருங்கள். 2022 மார்ச்சில்தான் ஏற்றத் தொடங்கினார்கள். பணவீக்கம் அந்த ஜூனில் 9.1%, அடுத்த வருடம் ஜூனில் 3%. வட்டி முழுதாக வேலை செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்று நீங்களே சொல்வீர்கள். வேலையின்மையும் 4%-க்குக் கீழேயே இருந்தது. தேவை நொறுங்கவில்லை, வரத்துச் சிக்கல் தானாகத் தீர்ந்தது. பெருமையை வட்டி வாங்கிக்கொண்டது.

நாணயச்சுற்று: அங்கே வீட்டுக் கடனே முப்பது வருடத்துக்கு நிலையான வட்டிதானே? பழைய கடன்காரருக்கு ஒன்றும் ஆகியிருக்காதே?

எதிர்க்காற்று: அதேதான். 3%-ல் கடன் வாங்கியவர் வீட்டை விற்கவே மறுத்தார். விற்றால் அடுத்த வீட்டுக்கு 7% கட்ட வேண்டும். சந்தைக்கு வரும் வீடே குறைந்துபோனது.

தராசுமுள்: எண்ணெய் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். முதல் ஏற்றத்தை வட்டியால் தடுக்க முடியாது. அந்த ஏற்றம் சம்பளத்துக்கும், அங்கிருந்து மற்ற விலைகளுக்கும் தொற்றிச் சுற்றிச் சுற்றி வருவதைத்தான் தடுக்கப் பார்க்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் எத்தனை பங்கு வரத்துக்கு, எத்தனை பங்கு வட்டிக்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

ஆனால் ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கி இருக்கிறது. அதிக வட்டியே பணவீக்கத்துக்குக் காரணம் என்று அதிபர் எர்டோகன் சொல்லிவந்தார், பட்டறைக்காரர் வாதம்தான். 2021 செப்டம்பரில் பணவீக்கம் 19 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே வட்டியைக் குறைக்கத் தொடங்கி, டிசம்பருக்குள் 19-லிருந்து 14-க்குக் கொண்டுவந்தார்கள். 2022 அக்டோபரில் பணவீக்கம் 85%. 14%-க்குக் கடன் கிடைத்து விலை 85% ஏறினால், கடன் வாங்கிப் பொருளையோ டாலரையோ வாங்கி வைப்பவர்தான் லாபம் பார்ப்பார். எல்லாரும் அதைத்தானே செய்வார்கள்? வட்டி எவ்வளவு என்று மட்டும் பார்க்கக் கூடாது, எதிர்பார்க்கும் விலை ஏற்றத்தைக் கழித்த பிறகு மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும்.

எதிர்க்காற்று: அங்கே விலையை ஏற்றியது லிராவின் சரிவு. இறக்குமதி எல்லாம் விலை கூடியது. உள்ளூர்த் தேவையால் அல்ல.

தராசுமுள்: லிரா ஏன் சரிந்தது? அதில் வைத்த பணம் கரைந்தது, அதனால் கையை விட்டுத் தள்ளினார்கள். அதுவும் வட்டி வேலை செய்யும் ஒரு பாதைதான். பிறகு 2023 ஜூனில் 8.5-லிருந்து ஏற்ற ஆரம்பித்து 2024 மார்ச்சில் 50%-க்குப் போனார்கள். அப்படியும் பணவீக்கம் அந்த மே மாதம் 75% வரை ஏறித்தான் திரும்பியது. டிசம்பரில் 44%.

எதிர்க்காற்று: அதாவது ஏற்றத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. அப்படியானால் அமெரிக்காவில் மூன்றே மாதத்தில் உச்சம் தொட்டு இறங்கியது வட்டியால்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள், மற்றதை ஏற்கிறேன்.

பட்டறைக்காரர்: எனக்கும் அந்தப் பதில் வேணும். சரக்கை எப்போ வாங்கி வைக்கணும்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.