எல்லா யோசனைக்கும் 5 மதிப்பெண் போட்டால் எப்படி வரிசைப்படுத்துவது?

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் கேட்டரிங் ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்று செய்கிறோம். நிறுவனர் அண்ணனிடம் நாற்பது யோசனைகள். உழைப்பு ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம் என்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். பலனுக்கு எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டார்!

அதனால் பலனை ஒரே கேள்வியாக்கினேன்: முன்பணம் கட்டாமல் நின்றுபோகும் ஆர்டர்களில் எத்தனை மீளும்? வாட்ஸ்அப் நினைவூட்டல் மேலே வந்தது, அண்ணனுக்குப் பிடித்த லாயல்டி பாயிண்ட் கீழே போனது. நினைவூட்டலுக்கு டெவலப்பர் சொன்ன இரண்டு நாளில் மெட்டாவின் டெம்ப்ளேட் அனுமதி, வாடிக்கையாளர் சம்மதம், சோதனை எதுவும் இல்லை. சேர்த்தால் ஒரு வாரம். அப்போதும் அதுதான் முதலிடம்.

சிக்கல் என்னவென்றால், இன்வாய்ஸ் திருத்தம் போன்ற வேலைகள் புது ஆர்டர் எதையும் மீட்காது, ஆனால் அது இல்லாவிட்டால் சமையல்காரர்கள் விட்டுப் போய்விடுவார்கள். இந்த அளவுகோலில் அதற்குப் பூஜ்யம்தான். இவற்றுக்குத் தனி வரிசை வைப்பீர்களா, இல்லை வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குவீர்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.