ஐந்து மல்கோவா கேட்டால் ஏழு வருகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். சேலத்தில் மாம்பழ மண்டி வைத்திருக்கும் மாமாவுக்கு ஒரு போஸ்டர் செய்கிறேன். ஒரு பித்தளைக் குடம், அதற்கு இடப்பக்கம் ஐந்து மல்கோவா. அவ்வளவுதான். எழுதிக் கொடுப்பதைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-இல் ஆங்கிலத்தில் எழுதி இருபது முறை ஓட்டினேன். நான்கு வரும், ஏழு வரும். பாதிப் படங்களில் பழம் குடத்துக்கு வலப்பக்கம். மாமாவுக்குச் சிரிப்பு, எனக்கு எரிச்சல்.

காரணம் ஓரளவு புரிகிறது. நம் வரியைப் படிக்கும் கிளிப் என்ற பகுதி, எந்தப் படத்துக்கு எந்த வரி பொருந்தும் என்று பார்த்தே பழகியது. "மாம்பழம், குடம்" இரண்டும் இருந்தாலே பெரும்பாலும் பொருத்தம் கிடைத்துவிடும். இடமா வலமா என்று கவனிக்கும் தேவை அதற்கு அதிகம் வரவில்லை. தட்டு நிறையப் பழம் உள்ள படத்தின் கீழே எண்ணிக்கை எழுதுபவர்களும் குறைவு. வரைவதும் ஒவ்வொரு பழமாக அல்ல. வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து முழுப் படமும் சேர்ந்தே தெளிகிறது. இதுவரை எத்தனை ஆயிற்று என்று எண்ணி வைக்க அங்கே ஏற்பாடே இல்லை.

அதனால் ஐந்து வட்டமும் குடமும் நானே கிறுக்கி, படத்திலிருந்து படம் முறையில் கொடுத்தேன். `Denoising strength` 0.8 வைத்தால் ஆறாவது பழம் முளைக்கிறது, 0.4 வைத்தால் கிரேயான் கிறுக்கலாகவே நிற்கிறது.

கண்ட்ரோல்நெட்டில் இதே கிறுக்கலைக் கொடுத்தால் எண்ணிக்கை நிற்குமா? இல்லை, குடத்தை மட்டும் வரவழைத்து, பழங்களை ஒவ்வொன்றாக இன்பெயின்ட் செய்வது மேலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். என் கிராபிக்ஸ் கார்டு 6 ஜிபிதான்.