படிவம் நிரப்புகிறார்கள், வகுப்புக்கு வருவதில்லை

உவர்மலை கணிதம்: திருகோணமலை நகரில் உயர்தர இணைந்த கணித வகுப்பு நடத்துகிறேன். பேஸ்புக் உடனடிப் படிவ விளம்பரத்தால் பெயர்கள் குவிகின்றன. அழைத்தால் பாதிப் பேர் "எந்த வகுப்பு?" என்கிறார்கள். படிவத்தில் கேள்விகள் சேர்க்கலாமா?

துறைமுகவாசி: வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஆட்கள் கழன்றுகொள்வார்கள், ஒரு பெயருக்கான செலவு ஏறும். படிவ வகையை Higher intent என்று மாற்றினால் போதும்.

நிலாவெளியான்: செலவு ஏறும், உண்மைதான். ஆனால் அந்த வகை, அனுப்புமுன் ஒரு சரிபார்ப்புத் திரையைக் கூட்டுகிறது, அவ்வளவே. பெயரும் எண்ணும் கணக்கிலிருந்து தாமாக நிரம்பிவிடுவதால் அதையும் வாசிக்காமல் தட்டிவிடுகிறார்கள். யோசித்துப் பதில் சொல்லும்படி ஏதாவது வேண்டும். "ஆர்வம் உண்டா?" என்று கேட்பது வீண், யார் இல்லை என்பார்?

நானாக இருந்தால் இரண்டு கேட்பேன். முதலாவது, எந்த ஆண்டுப் பரீட்சை? தெரிவுகளில் 'உயர்தரம் அல்ல' என்பதும் இருக்கட்டும். இரண்டாவது, சனிக்கிழமை காலை 8 மணிக்கு நகருக்கு நேரில் வர முடியுமா? விளம்பரத்தின் சுற்றெல்லை நேர்கோட்டில் அளக்கப்படுகிறது. வரைபடத்தில் மூதூர் கொட்டியாரக்குடாவுக்கு அக்கரையில் கைக்கெட்டும் தூரம். பிள்ளையோ கிண்ணியா வழியாகப் பஸ்ஸில் சுற்றி வர வேண்டும். வர முடியாது என்பவரை வேறொரு முடிவுப் பக்கத்துக்கு அனுப்ப நிபந்தனை அமைக்கலாம். வெளியிட்ட படிவத்தைத் திருத்த முடியாது, நகலெடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

கிண்ணியா உம்மா: நானும் மகளுக்காக ஒரு வகுப்பின் படிவத்தை நிரப்பினேன். யாருமே அழைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதில் போனது கட்டாரில் இருக்கும் கணவரின் பழைய எண். கேள்வி எத்தனை வைத்தாலும் எண் பிழைத்தால் என்ன செய்வீர்கள்?

நிலாவெளியான்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள் சகோதரி. வட்ஸ்அப் எண்ணைத் தட்டெழுதும்படி ஒரு குறுவிடைக் கேள்வியாகக் கேட்கலாம். தானாக நிரம்பாது.

துறைமுகவாசி: மூன்று கேள்வி ஆகிவிட்டது! 12,000 ரூபாய்க்கு 80 பெயர் வந்த இடத்தில் 30தான் வரும்.

நிலாவெளியான்: வரட்டுமே. அந்த 80 பேரில் 4 பேர் சேர்ந்தால் ஒரு மாணவருக்கு 3,000 ரூபாய். 30 பேரில் 5 பேர் சேர்ந்தால் 2,400. அழைப்பெடுக்கும் நேரமும் மிச்சம். 30 பேரில் 3 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் நீங்கள் சொன்னதே சரி. இரண்டு படிவங்களையும் ஒரே காலத்தில் ஓடவிட்டு, சேர்ந்தவர்களை எண்ணுங்கள்.

உவர்மலை கணிதம்: மாதக் கட்டணத்தையும் கேள்வியிலேயே சொல்லிவிடலாமா?

நிலாவெளியான்: சொல்லுங்கள். தொலைபேசியில் கட்டணம் கேட்டதும் மௌனமாகிறவர்கள் படிவத்திலேயே விலகிவிடுவார்கள்.

கிண்ணியா உம்மா: விலகுவது வசதி இல்லாதவர்கள்தான், அக்கறை இல்லாதவர்கள் அல்ல. நேரில் பேசினால் பாதிக் கட்டணத்துக்குச் சேர்க்கிற ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள்.

துறைமுகவாசி: பக்கத்து வகுப்புக்காரரும் அந்தத் தொகையைப் பார்ப்பார், சேர்.

உவர்மலை கணிதம்: இப்போதைக்குப் பரீட்சை ஆண்டு, சனிக்கிழமை வருகை, வட்ஸ்அப் எண் ஆகிய மூன்றையும் வைத்துப் புதிய படிவம் போடுகிறேன். கட்டணத்தைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.