புதுப்பிப்பு: ரீபாண்டிங் செய்த முடிக்கு டை

"ரீபாண்டிங் செய்த முடிக்கு எப்போது டை அடிக்கலாம்? தங்கச்சியின் கல்யாணம் வருகிறது."

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. டை அடித்தாயிற்று, முடி உடையவில்லை.

இரண்டு கிழமையாவது பொறுக்கச் சொன்ன அக்கா சொன்னது சரி. ஆனால் நாள் கணக்கு மட்டும் போதாது என்றார் வெள்ளவத்தை சலூனில் வேலை செய்பவர். ஒரு முடியை நனைத்து மெல்ல இழுத்துக் காட்டினார். கொஞ்சம் நீண்டு பழையபடி சுருங்கினால் டை தாங்கும். சுவிங்கம் போல இழுபட்டுத் திரும்பாமல் நின்றாலோ அறுந்தாலோ தொடவே கூடாது. என் நுனிமுடி சற்று இழுபட்டது, அதை வெட்டிவிட்டார்.

நான் கேட்ட செம்பழுப்பை அவர் மறுத்துவிட்டார். அதற்கு முடியை வெளுக்க வேண்டிவரும், ரீபாண்டிங் தளர்த்திய முடியை அது அறுத்துவிடுமாம். சாயத்தைப் பிடிக்க வைக்கும் டெவலப்பரில், வீரியம் குறைந்த பத்து வால்யூமை எடுத்துக் கடும்பழுப்பு கலந்து, முதலில் வேரில் பூசினார். நுனி சாயத்தைச் சட்டென்று உறிஞ்சிக் கறுத்துவிடும் என்பதால் அங்கே கடைசியில்தான். அலர்ஜிச் சோதனை 48 மணித்தியாலத்துக்கு முன்பே முடிந்தது.

மருதாணி போடச் சொன்ன தம்பிக்கு: சுத்தமான இலை என்றால் சரி, கடைப் பக்கெட்டில் உலோக உப்பு இருந்தால் பிறகு டெவலப்பர் பட்டு முடி சூடாகி உடையும். பேர்மிங் பற்றிக் கேட்ட அன்ரிக்கு: முதலில் பேர்மிங், பிறகுதான் டை. மாறிச் செய்தால் நிறம் போய்விடும்.

வேர் வளர்ந்ததும் மறுபடி ரீபாண்டிங் செய்யலாமா? செய்தவர்கள் எழுதுங்கள்.