சில்லறையை வங்கியில் வாங்க மறுக்கிறார்கள், என்ன செய்வது?

மளிகைக்கடை_முருகு: கடையில் சேர்ந்த காசை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனேன். காசாளர் பார்த்ததுமே "முடியாது" என்று கையை விரித்துவிட்டார். அவசரம், யாராவது வழி சொல்லுங்கள்.

தென்றல்77: எந்தக் காசு, எவ்வளவு? அந்தக் கிளையில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா?

சட்டப்புலி: 1000 ரூபாய்க்கு மேல் நாணயமாக வாங்க வேண்டியதில்லை. 2011 நாணயச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

ஓய்வுபெற்ற_காசாளர்: சட்டப்புலி ஐயா, அந்த வரம்பு ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது. வங்கிக் கணக்கில் செலுத்த ரிசர்வ் வங்கி வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் சில வங்கிகள் எண்ணுவதற்குக் கட்டணம் வாங்கும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மளிகைக்கடை_முருகு: நடப்புக் கணக்கு அங்கேதான். ஐந்து ரூபாய் 1600, இரண்டு ரூபாய் 1500, ஒரு ரூபாய் 2000. மொத்தம் 13,000 ரூபாய். எல்லாம் ஒரே சாக்கில்.

ஓய்வுபெற்ற_காசாளர்: சாக்குதான் சிக்கல். கூட்டத்துக்கு நடுவே அதைக் கொட்டி எண்ண யாருக்கும் நேரமிருக்காது. வாங்கிய காசு வெளியே போகவும் மாட்டேன் என்கிறது, பெட்டகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். வகைக்கு நூறாகப் பாலிதீன் பையில் போடுங்கள், 51 பை வரும். ஒவ்வொன்றிலும் மதிப்பும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டு. செலானிலும் வகைவாரியாக நிரப்புங்கள். மாத முதல் வாரம் வேண்டாம். முந்தின நாளே மேலாளரிடம் சொல்லிவிட்டு மதியம் போங்கள்.

தராசு: எதற்கு எண்ண வேண்டும்? எடை போட்டால் போதுமே. வங்கிகள் எடை போட்டும் வாங்கலாம்.

ஓய்வுபெற்ற_காசாளர்: வாங்கலாம், காசு எல்லாம் ஒரே வெளியீட்டு வரிசையைச் சேர்ந்ததாக இருந்தால். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 1992இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85. கலந்து கிடந்தால் தராசு என்ன சொல்லும்? இன்னொன்று, அந்தப் பழைய ஒரு ரூபாயும் 2011 வரிசை இரண்டு ரூபாயும் எடையிலும் அகலத்திலும் ஒன்றே. பிரிக்கும்போது எண்ணைப் பார்த்துப் பிரியுங்கள், கைப்பழக்கத்தை நம்பாதீர்கள்.

கோவை_அக்கா: என்னிடம் பத்து ரூபாய் நோட்டுக் கட்டுகள் இருக்கின்றன. பின் அடித்துக் கொண்டு போகலாமா?

தென்றல்77: பின் கூடவே கூடாது அக்கா. நூறு நூறாகக் காகிதப் பட்டை சுற்றுங்கள். கிழிந்ததைத் தனியாக வையுங்கள்.

சட்டப்புலி: பத்து ரூபாய் நாணயத்தை எங்கள் ஊரில் யாரும் வாங்குவதில்லை. கள்ளக் காசு அதிகம்.

தராசு: பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 14440க்கு அழைத்துக் கேளுங்கள்.

சட்டப்புலி: அழைத்தால் கடைக்காரர் வாங்கிக்கொள்வாரா?

தராசு: கேள்வி வங்கியைப் பற்றி.

மளிகைக்கடை_முருகு: பை போட்டுக் கொண்டு போனேன். காசாளர் மேலாக மூன்று பையைப் பிரித்து எண்ணினார், பாதியை எடுத்துக்கொண்டார். மீதியை வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னார். நன்றி.

கோவை_அக்கா: கட்டணம் பிடித்தார்களா தம்பி?

ஓய்வுபெற்ற_காசாளர்: வெள்ளிக்கிழமையும் மறுத்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம்.