அப்பத்தாவின் பாட்டு மெலிதாகப் பதிகிறது, இரைச்சல் மேலோங்குகிறது: மைக்கை மாற்ற வேண்டுமா?

கயல் (சோழவந்தான்)

வணக்கம். என் அப்பத்தா பாடும் நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் பதிவு செய்துவருகிறேன். குரல் மிகவும் மெலிதாகவே விழுகிறது. பிறகு கணினியில் ஒலியைக் கூட்டினால், ‘உஸ்’ என்ற இரைச்சலும் கூடவே எழும்பிப் பாட்டின் சொற்களை மறைத்துவிடுகிறது. மைக் புதியது, நல்ல மைக் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். வேறு வாங்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை சின்ன அத்தையும் வந்து சேர்ந்து பாடவிருப்பதால், அதற்குள் விடை கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஒலிமாடம்

மைக் என்ன வகை, எதில் செருகியிருக்கிறீர்கள், வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. இதே கேள்வி இங்கே பலமுறை வந்திருக்கிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். உங்களிடம் இருப்பது டைனமிக் மைக்காகத்தான் இருக்கும். மெல்லிய குரலுக்குக் கண்டென்சர் வாங்குங்கள், வேலை முடிந்தது.

மேலூர் சவுண்ட் செட்

தங்கச்சி, அவர் பேச்சைக் கேட்டுக் கண்டென்சர் வாங்கிவிடாதீர்கள். வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஒருமுறை அதை மேடையில் வைத்தோம். ஆம்பை ஏற்றிய உடனே ஊளையிட ஆரம்பித்துவிட்டது. அது மட்டுமல்ல, மேடைக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டர் சத்தத்தையும் சேர்த்து இழுத்தது. தூரத்துச் சத்தத்தை இழுப்பதுதான் கண்டென்சரின் குணம். டைனமிக் கீழே விழுந்தாலும் தாங்கும், மழைத் தூறலில் நனைந்தாலும் மறுநாள் பாடும்.

கயல் (சோழவந்தான்)

மன்னிக்கவும், விவரம் விட்டுப்போயிற்று. டைனமிக் மைக்தான். ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக மடிக்கணினிக்குப் போகிறது. கெயின் குமிழ் ஏறக்குறைய முழுவதும் திருகியிருக்கிறது. முகத்துக்கு எதிரே மைக் வந்தால் அப்பத்தாவுக்குப் பாட்டே வருவதில்லை என்பதால் இரண்டடி தள்ளி ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன். மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும்.

தெப்பக்குளத்துக்காரர்

இந்த விவரங்களிலேயே விடை பெரும்பகுதி இருக்கிறது. டைனமிக் மைக்கில், குரல் எழுப்பும் காற்றழுத்தம் ஒரு மெல்லிய சவ்வை அசைக்கிறது. சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தத்தின் நடுவே முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில்தான் மின்னழுத்தம் பிறக்கிறது. சைக்கிள் டைனமோவை மெதுவாக மிதித்தால் விளக்கு மங்குவதைப் போல, மெல்லிய குரலுக்கு மின்னழுத்தமும் மெலிந்துவிடும். ஏனெனில் அந்த அசைவைத் தவிர வேறு மின்மூலம் எதுவும் அந்த மைக்குக்குள் கிடையாது.

எவ்வளவு மெலியும் என்பதற்கு, எல்லோருக்கும் தெரிந்த ஷூர் எஸ்.எம்.58 மைக்கை எடுத்துக்கொள்வோம். 1 பாஸ்கல் அழுத்தத்துக்கு அது 1.85 மில்லிவோல்ட் தருகிறது. வயதானவர் தாழ்ந்த குரலில் பாடும்போது இரண்டடி தூரத்தில் 0.02 பாஸ்கல் அளவு அழுத்தம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 0.04 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. இதை உங்கள் இன்டர்ஃபேஸ் ஆயிரம் மடங்கு பெருக்கினாலும் 40 மில்லிவோல்ட்டை எட்டாது. அந்தப் பெருக்கத்தில் கருவியின் சொந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகுகிறது. நீங்கள் கேட்கும் ‘உஸ்’ அதுவாக இருக்கலாம்.

கண்டென்சரில் சுருள் இல்லை. மின்னேற்றம் கொண்ட சவ்வும், அதற்குப் பின்னால் நுண்ணிய இடைவெளி விட்டு நிற்கும் தகடும் இருக்கின்றன. சவ்வு தகட்டை நெருங்கி விலகும்போது மின்தேக்குத்திறன் மாறுகிறது; மின்னேற்றம் அப்படியே நிற்பதால் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்தச் சமிக்ஞையைக் கேபிளுக்குள் அனுப்ப மைக்குக்குள்ளேயே ஒரு சிறு மின்சுற்று வேண்டும். அதற்காகத்தான் இன்டர்ஃபேஸில் உள்ள பொத்தானை அழுத்திக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் கொடுக்கிறோம். சுருளைச் சுமக்காத சவ்வு இலேசானது என்பதால் நுண்ணிய ஒலிகளும் தெளிவாக விழும். பதிவறைக் கண்டென்சர் பல, அதே குரலுக்குப் பத்து மடங்கு மின்னழுத்தம் தரும்.

வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கெயின் குமிழைத் தொடாமல், மின்விசிறியை நிறுத்தி, மைக்கை இரண்டு மூன்று தலையணைகளுக்கு நடுவே நன்றாகப் பொதிந்து ஒரு நிமிடம் பதியுங்கள். ‘உஸ்’ அப்படியே இருந்தால் அது கருவியின் இரைச்சல், கண்டென்சர் உதவும். பெருமளவு அடங்கிவிட்டால் அது அறையின் ஒலி. எந்த மைக் வாங்கினாலும் அது கூடவே வரும்.

மேலூர் சவுண்ட் செட்

அப்படியானால் ஜெனரேட்டர் சத்தத்தை ஏன் அது மட்டும் இழுத்தது?

தெப்பக்குளத்துக்காரர்

அண்ணே, ஒரே தூரத்தில் ஒரே திசைப்பாங்குள்ள டைனமிக்கையும் கண்டென்சரையும் வைத்தால், குரலும் ஜெனரேட்டரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் இரண்டிலும் விழும். கண்டென்சர் இரண்டையும் சேர்த்து உயர்த்தித் தருவதால் இழுப்பதாகத் தோன்றுகிறது. உங்கள் நாடகத்தில் டைனமிக்கை நடிகர் வாயருகே பிடித்துப் பாடியிருப்பார், கண்டென்சரைத் தள்ளி வைத்திருப்பீர்கள். வேறுபாடு அந்தத் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஸ்பீக்கர் சூழ்ந்த மேடைக்கும், கைமாறிக் கைமாறிப் போகும் மைக்குக்கும் டைனமிக்தான் ஏற்றது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கயல், உங்களுக்கும் அதே கணக்குதான். 60 சென்டிமீட்டரை 15 ஆக்கினால் மைக்கை அடையும் குரலின் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மின்விசிறியின் ஒலி இருந்த அளவிலேயே இருக்கும். வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கமாக, தாடைக்குச் சற்றுக் கீழே வைத்து, மைக்கின் முகத்தை வாயை நோக்கித் திருப்புங்கள். அப்பத்தாவின் பார்வையிலும் படாது.

மேலூர் சவுண்ட் செட்

கணக்கு இருக்கட்டும். தங்கச்சி, ஒன்றை மறக்காதீர்கள். அந்த 48 வோல்ட் பொத்தானை டைனமிக் மைக் இருக்கும்போது அழுத்தினால் மைக் போய்விடும். என் கண் முன்னால் ஒன்று போயிருக்கிறது.

ஒலிமாடம்

இது பழைய கட்டுக்கதை. போகாது.

மேலூர் சவுண்ட் செட்

கண்ணால் பார்த்ததைக் கட்டுக்கதை என்றால் எப்படி?

தெப்பக்குளத்துக்காரர்

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. சரியாகச் சாலிடர் செய்த பேலன்ஸ்டு கேபிளில் இரண்டு சமிக்ஞைக் கம்பிகளிலும் ஒரே அளவு மின்னழுத்தம் ஏறுவதால், சுருளின் இரு முனைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை, அதன் வழியே மின்னோட்டமும் இல்லை. ஒரு கம்பி மட்டும் தரைக் கம்பியோடு உரசிக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. சுருள் வழியே மின்னோட்டம் பாயும். பழைய ரிப்பன் மைக்குகளில் அது ரிப்பனையே கெடுக்கக்கூடும். அன்று உங்கள் கேபிளைத் திறந்து பார்த்தீர்களா?

மேலூர் சவுண்ட் செட்

கேபிள் நல்ல கேபிள்தான். திருவிழா நேரத்தில் யார் திறந்து பார்ப்பார்கள்?

ஒலிமாடம்

பிறகு எதை வைத்துப் பொத்தான்தான் காரணம் என்கிறீர்கள்?

கயல் (சோழவந்தான்)

தலையணைக்குள் வைத்தும் ‘உஸ்’ ஏறக்குறைய அப்படியே இருந்தது. தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் வைத்த பிறகு குமிழைப் பாதிக்குச் சற்று மேலே வரை இறக்க முடிந்தது. ‘நாத்து’, ‘சேத்து’ என்று தேய்ந்துபோகும் சொற்கள்கூடப் புரிகின்றன. மின்விசிறியைப் பாட்டு முடியும்வரை நிறுத்திவிட அப்பத்தாவும் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும். கண்டென்சரைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். இருவர் பாடும்போது ஒரே மைக்கை நடுவில் வைப்பதா, இரவல் வாங்கி இரண்டாகப் போடுவதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

தெப்பக்குளத்துக்காரர்

நடுவில் வைத்தால் இருவருக்குமே தூரம் கூடிவிடும், பழைய இரைச்சல் திரும்பும். உங்கள் இன்டர்ஃபேஸில் மைக் செருக இரண்டாவது வழி இருக்கிறதா?