சோளகம் அடிக்கிற முற்றத்தில கவுன் ட்ரெயின்: உங்கட அனுபவம்?

முருங்கன் தையல்:
ஓகஸ்டில ஒரு பொம்பிளைக்குத் தைச்ச கவுனைப் பற்றிச் சொல்லுறன். சாட்டின் துணி, நிலத்தில நாலரை அடி இழுபடுற ட்ரெயின், ஓரம் முழுக்க ரேந்தை. கோயிலுக்குள்ள வழுவழுப்பான தரை, வெளியில மணல் முற்றம், சோளகக் காற்று விட்டபாடில்லை. உள்ள நடக்கேக்க ட்ரெயின் விரிஞ்சு படுக்கவேணும், முற்றத்தில காற்று அதைத் தூக்கக்கூடாது, பிறகு ஹோலில ஆக்கள் மிதிக்காமல் மேல தூக்கிக் கொழுவவேணும்.

பாரத்தை ஓரம் முழுக்கப் போடேல்லை. ட்ரெயினின்ர பின்வளைவில மட்டும்தான் போட்டனான். பக்கத்திலயும் முன்னுக்கும் பாரம் இருந்தால் நடக்கேக்க ஆடிக் கணுக்காலில அடிக்கும். திரைச்சீலைக்குப் போடுற மெல்லிய ஈயச் சங்கிலியைப் பருத்தி நாடாவுக்குள்ள விட்டு, லைனிங் மடிப்போட பிடிச்சன். சாட்டினில பிடிச்சால் ஒவ்வொரு தையலும் வெளியில குழிவிழுந்து தெரியும். சங்கிலியோடயே ஒரு இரவு தொங்கவிட, சரிவாய் வெட்டுப்பட்ட இரண்டு பக்கமும் இறங்கி வந்திட்டுது. அதுக்குப் பிறகுதான் ஓரத்தைச் சமப்படுத்தி வெட்டினது.

ட்ரெயினைத் தூக்கிக் கொழுவுற இடம், அதுதான் பசல் புள்ளி, குறிச்சது எல்லாம் முடிஞ்ச பிறகு. பொம்பிளை கலியாணச் சப்பாத்தும் கான்கானும் போட்டு நிக்க, ட்ரெயினை முதல் நடுவில பிடிச்சுத் தூக்கி, ஓரம் நிலத்துக்கு மேல ஒரு விரல் நிக்கிற இடத்தில குத்தூசி போட்டன். மூண்டு இடத்தில பிடிச்சுப் பார்த்தால் இடையில துணி தொய்ஞ்சு நிலத்தைத் தொடுது. நடு ஊசியில இருந்து சாட்டின் சரிவாய் இழுபட்டுக் கோடு கோடாய் நிக்குது. அந்தக் கோடு தெரிஞ்சால் அந்த இடம் பாரம் தாங்காது எண்டு அர்த்தம். அஞ்சாக்கினாப் பிறகு கோடு மறைஞ்சிட்டுது. ஒவ்வொரு தெறிக்கும் பின்பக்கம் சின்னப் பருத்தித் துண்டு வைச்சுத் தைச்சன். தெறியில கொழுவுற அஞ்சு காதையும் ரேந்தைப் பூவுக்குக் கீழ மறைச்சிட்டன்.

கரையோரம்:
அக்கா, இவ்வளவு கஷ்டம் ஏன்? எங்கட பக்கம் வலைக்குப் போடுற ஈயக்குண்டு தாராளமாய்க் கிடைக்கும். மூலைக்கு ஒண்டு தைச்சால் எந்தக் காற்றுக்கும் அசையாது.

வவுனியா மல்லிகை:
தம்பி, ஈயம் எண்டது சரி. ஆனால் குண்டு இருக்கிற இடம்தான் கீழ நிக்கும், இடையில காற்றுப் பூந்து துணி வயிறு தள்ளும். பீடத்தடியில பொம்பிளை திரும்பேக்க இன்னும் மோசம். மூலை அசையாமல் கிடக்க நடுத்துணி மட்டும் சுத்தி வந்து காலுக்குள்ள மடியும். சங்கிலி எண்டால் ஓரம் முழுக்க ஒண்டாய் வழுக்கி வரும். அதோட வெறும் ஈயம் வெள்ளைச் சாட்டினில உரசினால் சாம்பல் நிறத்தில கறை பிடிக்கும். எதைப் போட்டாலும் பொம்பிளைக்கு ஒரு விசயம் சொல்லிக்குடுங்கோ: நிண்ட இடத்தில திரும்பக்கூடாது, இரண்டு மூண்டு அடி வைச்சு வளைஞ்சு திரும்பவேணும்.

முருங்கன் தங்கச்சி, வேலை வடிவு. ஆனால் நான் எண்டால் வெளியில தெறி வைக்கமாட்டன். உள்ளுக்க நாடா கட்டித் தூக்கினால் ரேந்தை ஓரம் மடிப்பாய் விழும், பின்பக்கம் சுத்தமாய் இருக்கும். சோடி சோடியாய் நிற நாடா போட்டால் மாறியும் கட்டமாட்டினம்.

முருங்கன் தையல்:
உண்மைதான் அக்கா, அது வடிவு. ஆனால் அந்த வெக்கையில தோழிப்பிள்ளை கவுனுக்குள்ள பூந்து நாடா தேடவேணும். சங்கிலிப் பாரமும் சேர்ந்தால் முடிச்சு மெல்ல மெல்ல இளகும். தெறி எண்டால் ஒருக்காக் காட்டிக்குடுத்தால் போதும்.

வவுனியா மல்லிகை:
இரட்டை முடிச்சுப் போட்டால் இளகாது. நான் மாறமாட்டன்.

மாங்குளத்தாள்:
நான் கோயிலுக்கு வெள்ளைச் சீலைதான் உடுத்தனான். முந்தானையை நிலம் மட்டும் நீட்டவிட்டு, அடியில இதே மாதிரிச் சங்கிலி பிடிச்சுத் தந்தவை. பூசை முடியிறதுக்குள்ள தோள் ஊசியடியில பட்டு கிழிஞ்சு போச்சு. அப்ப எனக்கும் அஞ்சு தெறி வைச்சிருக்கவேணுமோ?

முருங்கன் தையல்:
இல்லைப் பிள்ளை, சீலைக்கு அது சரிவராது. முந்தானைப் பாரம் முழுக்க அந்த ஒரு ஊசியிலதான் தொங்கினது. சங்கிலியைக் கழட்டிப்போட்டு, தோளில மடிப்பை பிளவுஸோட நாலைஞ்சு இடத்தில நூலால பிடிச்சிருக்கலாம்.

தோழியாய் நிண்டவள்:
முருங்கன் அக்கா தைச்ச அந்தக் கவுனின்ர ட்ரெயினைக் கொழுவின ஆள் நான்தான். ஹோலில ஆடேக்க நடுக் காது அறுந்திட்டுது, நூலைப் பின்னிச் செய்த காது. ஊசி குத்தினால் சாட்டினில ஓட்டை விழுந்திடும் எண்டு பயத்தில, மிச்ச நேரம் முழுக்க ட்ரெயினைக் கையிலயே பிடிச்சுக்கொண்டு திரிஞ்சன்.

வவுனியா மல்லிகை:
நூல் காது இவ்வளவு பாரத்துக்குக் காணாது. மெல்லிய நைலோன் கயிறு போடவேணும், நடுவுக்கு இரண்டு காது. ஊசி குத்துறதெண்டால் துணி இரண்டு மடிப்பாய் இருக்கிற தையல் ஓரத்தில குத்து, ஓட்டை தெரியாது.

தோழியாய் நிண்டவள்:
நன்றி அக்கா. ஐப்பசியில எங்கட மச்சாளுக்குக் கலியாணம். சாட்டினுக்கு மேல வலைத்துணி போட்ட கவுன். இரண்டையும் சேர்த்துக் கொழுவுறதோ, தனித்தனியோ?

முருங்கன் தையல்:
தனித்தனியாய்த் தூக்கினால் வலை நசியாது. ஆனால் தெறி இரண்டு மடங்காகும். வலை எவ்வளவு நீளம், சாட்டினோட எங்க பிடிச்சிருக்கினம் எண்டு பார்த்துச் சொல்லும்.